சீனி அண்ணன் வீட்டுச் சோலாரும் அறுநூறு மீன்களும்

எனக்குப் பொறுமை குறைவு. புந்தோங்கில் என் கடைப்பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். நாள் முழுக்கக் கூரைமேல் வெயிலில் காய்ந்து, சோலார் பேனல் மாட்டிவிட்டு இறங்கி, கீழே நிழலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பவரிடம் ஒரே விஷயத்தை நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

அந்த ஒரே விஷயம் இதுதான்: "தெருவுல கரண்டு போனா இந்தச் சோலாரும் நின்னுடும்." பதினாறு வருஷமாக ஒயர்மேன் வேலை செய்கிறேன், அதில் ஆறு வருஷமாகச் சோலார். இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் ஒரு வீட்டை விட்டு நான் வந்ததில்லை. அது யார் காதிலும் விழுந்ததுமில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

அப்படித் தலையாட்டியவர்களில் முதலிடம் சீனி அண்ணனுக்கு. பத்து காஜா ஊருக்குப் போகும் வழியில் ஆறாங்கட்டைத் தோட்டம் இருந்த இடத்தில், இப்போது வரிசை வீடுகள். அதில் கடைசி வீடு அவருடையது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு முதலாளி ஆக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. காளான் வளர்த்தார், பூசணம் பிடித்தது. காடை வளர்த்தார், தெருநாய்கள் கொழுத்தன. சீனர்கள் சூப்புக்கு வாங்கும் குருவிக்கூட்டு வியாபாரத்துக்காக வீட்டின் பின்னால் கொட்டகை கட்டி, உள்ளே குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் ஓடவிட்டார். வௌவால்கள் வந்தன.

கடைசியாக மீன். பின்வாசலில் தார்ப்பாய் போட்ட இரண்டு வட்டத் தொட்டிகள், அறுநூறு ஜேட் பெர்ச் மீன்கள். ஈப்போவில் ஒரு சீனர் சாப்பாட்டுக் கடை, வளர்ந்ததும் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது.

இந்த முறை அவர் மனைவி காளியம்மா அக்கா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். இந்த மீன்களும் செத்தால், அண்ணன் மறுநாளே அக்காவின் தம்பி ஜெயபாலனிடம் ஜாகா வேலைக்குப் போக வேண்டும். ஜெயபாலன் ஈப்போவில் ஜாகா கம்பெனி, அதாவது காவலாளிகளை அனுப்பும் கம்பெனி வைத்திருப்பவர். கேட்டில் நின்று, மச்சான் காரில் வரும்போதெல்லாம் சல்யூட் அடிக்க வேண்டும் என்று நினைத்தாலே அண்ணனுக்குச் சோறு இறங்காது. அதனால் அந்த மீன்களை அவர் பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டார். பெற்ற பிள்ளைகளை அப்படிப் பார்த்ததில்லை என்பது அக்காவின் கருத்து.

தொட்டிகளுக்குக் காற்று அடிக்கும் மோட்டார் இரவுபகலாக ஓடுவதால் கரண்டு பில் ஏறியது. சோலார் போட என்னைக் கூப்பிட்டார். போட்டேன். பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டியையும் மாட்டினேன். வழக்கமான வாக்கியத்தையும் சொன்னேன். "பேட்டரி வெச்ச மாதிரி செஞ்சுக்கிட்டா நல்லது அண்ணே, உங்களுக்கு மீன் இருக்கு" என்றும் சொன்னேன்.

"எதுக்கும்மா பேட்டரி? பகலுக்குச் சூரியன் இருக்கு. ராத்திரிக்குத் தெனாகா கரண்டு இருக்கு. ரெண்டும் ஒரே நேரத்துலயா லீவு எடுக்கும்?" என்றார்.

கேட்பதற்கு எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள். இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த வாரமே, "இனி இது எதுக்கு?" என்று வீட்டில் இருந்த ஜெனரேட்டரை ஜெயபாலனுக்கு விற்றுவிட்டார்.

சில மாதம் கழித்து, சனிக்கிழமை காலை பத்து மணி முதல் மாலை நாலு வரை அந்த வரிசைக்குக் கரண்டு இருக்காது, கம்பி மாற்றும் வேலை என்று ஒவ்வொரு கேட்டிலும் தெனாகா மின்சாரக் கம்பெனியின் சீட்டு தொங்கியது. எல்லாரும் படித்துவிட்டு முணுமுணுத்தார்கள். அண்ணன் மட்டும் வீடு வீடாகப் போய், "கஷ்டமா இருந்தா நம்ம வீட்டுக்கு வாங்க. ஃபேன் போட்டு உக்காரலாம், போன் சார்ஜ் பண்ணிக்கலாம்" என்று அழைப்பு வைத்தார்.

சனிக்கிழமை பத்தேகாலுக்கு என் போன் அடித்தது.

"தங்கச்சி, உன் இன்வெர்ட்டர் ரோசாக் லா."

"லைட்டு என்ன கலர்ல எரியுது?"

"செவப்பு."

"தெருவுல கரண்டு இருக்கா?"

"தெருவுல இல்ல. அது அவங்க பிரச்சனை. நமக்குத்தான் சோலார் இருக்கே. வெயிலு மண்டையப் பொளக்குது, வீட்டுல ஒரு பல்பு எரியல. நாலு வீட்டுக்காரங்க போனைக் கையில வெச்சிக்கிட்டு ஹால்ல உக்காந்திருக்காங்க. மானம் போவுது."

"அண்ணே, அது கெட்டுப் போகல. சரியா வேலை செய்யுது."

"வேலை செய்யாம நிக்கிறதுதான் அது செய்யிற வேலையா?"

"ஆமா."

பின்னாலிருந்து காளியம்மா அக்காவின் குரல் கேட்டது: "முப்பது வருசமா வீட்டுல நீங்களும் அதைத்தானே செய்யிறீங்க!"

சிரிப்பு வந்தது. அதே வேகத்தில் மீன் ஞாபகமும் வந்தது. சிரிப்பு போய்விட்டது. "அண்ணே, தொட்டிக்குக் காத்து அடிக்கிற மோட்டார்?"

"அதுவுந்தான் நின்னுடுச்சு. மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறக்குது. பசி போல. கொஞ்சம் தீனி போடலாம்னு..."

"போடாதீங்க!" நான் கத்திய கத்தலில் பக்கத்துச் சவரக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அது பசி இல்ல, மூச்சு முட்டுது. தீனி தின்னா இன்னும் காத்து வேணும். எல்லார் கையிலயும் ஆளுக்கொரு வாளி குடுங்க. தண்ணியை மொண்டு உயரத் தூக்கி ஊத்திக்கிட்டே இருங்க. நான் வாரேன்."

பத்து காஜா சாலையில் அன்று என் வேன் போன வேகத்தை எழுத்தில் தர மாட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. நான் சொன்னேன், அவர் கையெழுத்துப் போட்டார், தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்தத் தாளைக் காட்டி ஒரு மீனைக்கூடப் பிழைக்க வைக்க முடியாது.

பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். போன் சார்ஜ் பண்ண வந்தவர்கள் பின்வாசலில் வரிசையாக நின்று தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். காளியம்மா அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு தொட்டிக்குள்ளேயே இறங்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீர். அவரைச் சுற்றி நூற்றுக்கணக்கான வாய்கள் திறந்து திறந்து மூடின. "மூச்சு விடுங்கடா, விடுங்கடா" என்று அதட்டியபடி குளியலறை வாளியால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அண்ணனைக் காணவில்லை. சமையலறையில் பேச்சுக் குரல் கேட்டது. போய்ப் பார்த்தேன். என் ரத்தம் கொதித்தது.

ஜெயபாலன் வந்திருந்தார். அக்கா போன் போட்டதும், வாங்கிய அதே ஜெனரேட்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கூடவே ஒரு ஜாகா யூனிஃபார்மையும் ஹேங்கரில் மாட்டிக் கொண்டுவந்திருந்தார். அளவுகூடச் சரியாக எடுத்திருந்தார். இருவரும் ஜென்மத்தில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போய், இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு ஒயரைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு முனை ஜெனரேட்டருக்கு, மறுமுனை சமையலறைச் சுவர் சாக்கெட்டுக்கு.

"வந்துட்டியா தங்கச்சி?" என்றார் அண்ணன். "இதைக் குத்தினா வீடு பூரா கரண்டு வரும். கரண்டைப் பார்த்ததும் உன் இன்வெர்ட்டரு தெரு கரண்டு வந்துடுச்சுன்னு ஏமாந்து முழிச்சிக்கும். மச்சான் ஐடியா."

"மெயின் சுவிட்சை இறக்கினீங்களா?"

"எதுக்கு?" என்றார் ஜெயபாலன்.

ஒயரை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். மரியாதையாகப் பிடுங்கினேன் என்று சொல்ல முடியாது. அண்ணனின் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனேன். தெருமுனைக் கம்பத்தில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு தெனாகா ஆள் இடுப்பில் வார் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தான்.

"அது யாரு அண்ணே?"

"ராக்காயி மவன் தர்மேந்திரன். காலையில நம்ம வீட்டுலதான் தேத்தண்ணி குடிச்சான்."

"நீங்க அந்த ஒயரைக் குத்தினா, வீட்டுக் கரண்டு மீட்டர் வழியாத் திரும்பித் தெருக் கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனா, இருநூத்தி முப்பது வோல்ட்டு பதினோராயிரமா ஏறும். அவங்க கம்பியைச் சோதிச்சு, எர்த் போட்டுட்டுத்தான் கை வைப்பாங்க, அது அவங்க கவனம். நம்ம கவனம் எங்க போச்சு? தேத்தண்ணி குடுத்துட்டுக் கரண்டும் குடுப்பீங்களா?"

அண்ணனின் முகம் வெளிறிவிட்டது.

"இன்வெர்ட்டர் ஏன் நின்னுச்சுன்னு கேட்டீங்கல்ல? இவனுக்காகத்தான். தெருக் கரண்டு போன ரெண்டு செகண்டுக்குள்ள அது தானா ஒதுங்கிடணும், அதுதான் சட்டம். அந்தப் பொட்டிக்கு இருக்கிற புத்தி இந்த வீட்டுல யாருக்கும் இல்ல!"

"ஜெனரேட்டருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றார் பின்னாலேயே வந்த ஜெயபாலன்.

"ஆகும். சோலார் ஒருவேளை ஏமாந்து முழிச்சிக்கிட்டா, வீட்டுக்கு வேண்டியது போக மிச்சக் கரண்டை உங்க ஜெனரேட்டருக்குள்ளேயே தள்ளும். ஜெனரேட்டருக்குக் கரண்டு குடுக்கத்தான் தெரியும், வாங்கத் தெரியாது. அதுவும் போகும், வீட்டுல இருக்கிற டிவியும் போகும்."

ஜெனரேட்டர் போகும் என்றதும்தான் ஜெயபாலனுக்கு உறைத்தது.

ஜெனரேட்டரைப் பின்வாசலுக்குத் தூக்கி வரச் சொன்னேன். வீட்டு ஒயரிங்கோடு சம்பந்தமே இல்லாமல், காற்று மோட்டாரை நேராக அதில் குத்துவதில் எந்தத் தப்பும் இல்லை. ஜெயபாலன் கயிற்றை இழுத்தார். ஏழாவது இழுப்பில் ஓடியது. தொட்டியில் குமிழி வந்தது. "பார்த்தியாக்கா, தம்பிதான் காப்பாத்தினேன்" என்று அவர் யூனிஃபார்மை எடுத்து மச்சானின் தோளில் வைத்து அளவு பார்த்தார். அப்போது ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமி நின்றது. வாங்கிய நாளிலிருந்து அதை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காமல், பழைய பெட்ரோலோடு கம்பெனியில் அழகுக்கு வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு இழுத்த இழுப்பில் கயிறுதான் கையோடு வந்தது.

தொட்டியில் ஒரு மீன் வயிற்றைக் காட்டிப் புரண்டது. அக்கா அதை இரு கையாலும் பிடித்து நிமிர்த்தினார். "டேய், டேய்" என்றார். குரல் உடைந்திருந்தது.

ஜெனரேட்டர் கிடைத்ததே என்று வேனில் விட்டு வந்ததை எடுக்க ஓடினேன். கரண்டு இல்லாத புதுக் கட்டடங்களில் துளைபோட ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். உள்ளே நூறு ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி, அதோடு ஒரு சின்ன இன்வெர்ட்டர். இந்த இன்வெர்ட்டர் வேறு ஜாதி. யாரையும் பார்க்காமல் தானாகவே கரண்டு உண்டாக்கும். அதைத் தொட்டியருகே வைத்து, காற்று மோட்டாரை மட்டும் குத்தினேன். நூற்றிருபது வாட் மோட்டார். மெல்ல உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. இரண்டு தொட்டியிலும் குமிழிகள் பொங்கின.

கால் மணி நேரத்தில் வாய்கள் மூடின. அரை மணியில் மீன்கள் அடியில் இறங்கின. மூன்று மீன்கள் மட்டும் பிழைக்கவில்லை.

பேட்டரி எட்டு ஒன்பது மணி நேரம் தாங்கும் என்று நான் சொல்லியும் அக்கா நம்பவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் ஊற்றிவிட்டுத்தான் ஏறினார். "அந்த வாலு கிழிஞ்சவன் இன்னும் சரியா நீந்தல" என்று தொட்டியோரமே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதுவரை அந்த மீன்களை அவர் ஒழுங்காகப் பார்த்ததுகூடக் கிடையாது.

அண்ணன் என் பக்கத்தில் வந்து குந்தினார். சத்தம் குறைந்திருந்தது. "தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன், கோவிக்காத. கூரை மேல அத்தனை பேனலு இருக்கு. உன் பொட்டி அடக்கமா இருக்கு. இது ஓடுது, அது ஏன் ஓடல? தெருக் கம்பியைக் கழட்டிட்டா, பெரிசும் தனியா ஓடும்தானே?"

நாலு தடவை சொன்னபோது வராத கேள்வி, மூன்று மீன் செத்த பிறகு வந்தது. நல்ல கேள்வி. அதனால் கோபப்படாமல் பதில் சொன்னேன்.

"திருவிழாவுல உறுமி மேளக்காரங்களைப் பார்த்திருக்கீங்கல்ல? ஒருத்தன் தாளத்தைப் பிடிப்பான், மத்தவங்க அவன் கையைப் பார்த்து அடிப்பாங்க. தெருக் கரண்டு செகண்டுக்கு அம்பது தாளம். உங்க இன்வெர்ட்டர் அதைப் பார்த்து அடிக்க மட்டும் பழகினது. தாளம் நின்னா அதுக்கு அடிக்கத் தெரியாது. இன்னொண்ணு, மேகம் வந்தா பேனல் கரண்டு பாதியா விழும். மோட்டார் கேக்கிறது குறையாது. அந்தக் குறையை இப்ப தெரு நிரப்புது. தெரு இல்லேன்னா யாரு நிரப்புவா?"

"பேட்டரி."

"அதேதான்!" எனக்கே சந்தோஷம் பொங்கியது. "பேட்டரியும் வேணும், தானே தாளம் பிடிக்கிற இன்வெர்ட்டரும் வேணும். ஹைப்ரிட்டுனு சொல்வாங்க. பேனல் அப்படியே இருக்கட்டும், இந்தச் செவப்பு லைட்டுப் பொட்டியை மட்டும் மாத்தணும். தெருக் கரண்டு போனதும், முதல்ல அது தெருக் கம்பியைத் தானே துண்டிச்சிடும், லைனும் நியூட்ரலும் ரெண்டையும். அப்புறந்தான் உள்ளுக்குக் கரண்டு குடுக்கும். தர்மேந்திரனும் பிழைப்பான், மீனும் பிழைக்கும்."

"முழு வீடும் ஓடுமா?"

"ஓடாது. எது நின்னா உயிர் போகுமோ அதை மட்டும் பிரிச்சு ஒரு சின்ன போர்டுல குடுப்போம். மத்ததெல்லாம் தெருவோட சேர்ந்து தூங்கும்."

நாலு மணிக்குக் கரண்டு வந்தது. இன்வெர்ட்டர் உடனே சேரவில்லை. தெருக் கரண்டு நிலையாக இருக்கிறதா என்று சில நிமிடம் பார்த்துவிட்டுத்தான் பச்சைக்கு மாறியது. அதுவரை அண்ணன் அதன் முன்னால் கைகட்டி நின்றிருந்தார். ஜெயபாலன் கிளம்பும்போது, "மூணு மீனு செத்துச்சே மச்சான், நிபந்தனை நிபந்தனைதான். ஒரு மாசம் இடம் வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா தொட்டியோரத்திலிருந்து எழவில்லை. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. இந்த முறை மீன் வளர்ப்பை அவர் சும்மா விளையாட்டாகச் செய்யவில்லை. எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.

இரண்டு நாளில் போன் வந்தது. பேசியது அக்கா. புது வளையலுக்காகச் சேர்த்த பணம் இருக்கிறதாம், பேட்டரி போட வேண்டுமாம்.

தெனாகாவுக்கு எழுதி அனுமதி வாங்கி, மூன்று வாரத்தில் வேலைக்குப் போனேன். சின்ன போர்டில் எதையெல்லாம் சேர்ப்பது என்று கேட்டதும் குடும்பச் சண்டை தொடங்கியது. அண்ணன் ஏர்கான் கேட்டார். முடியாது என்றேன். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் கேட்டார். கெட்டில் பத்து நிமிடத்தில் தின்பதை மோட்டார் மூன்று மணி நேரத்துக்குத் தின்னும் என்றேன். டிவி கேட்டார்.

"மீனு மொதல்ல" என்றார் அக்கா. "காத்து மோட்டாரு, தண்ணி மோட்டாரு, ஐஸ்பெட்டி, ரெண்டு லைட்டு. மிச்சம் இருட்டுல கிடக்கட்டும். நாம வாயைத் தொறந்து காத்து வாங்கிக்கலாம்."

அதே போலச் செய்தேன். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கூடுதல் கரண்டுக்கும் சேர்த்து இன்வெர்ட்டரின் அளவைக் கணக்குப் பார்த்திருந்தேன். தெருவைத் துண்டிக்கும்போது நியூட்ரல் எர்த்தோடு சேருகிறதா, கசிவு வந்தால் சுவிட்ச் விழுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். கடைசியில், உச்சி வெயிலில், எல்லாரையும் பின்வாசலில் நிற்க வைத்தேன். ஜெயபாலனும் வந்திருந்தார். ஒரு மாதம் முடிகிறது, பதில் கேட்க வந்திருக்கிறார்.

மெயின் சுவிட்சை இறக்கினேன். ஹாலில் ஃபேன் நின்றது, டிவி அணைந்தது. காற்று மோட்டார் ஒரு கணம் தயங்கிவிட்டு மீண்டும் உறுமியது. குமிழிகள் நிற்கவில்லை. திரையில் பேனலும் வேலை செய்வது தெரிந்தது. மீனுக்குப் போக மிச்சத்தைப் பேட்டரிக்குள் போட்டுக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டருக்கும் மெயின் சுவிட்சுக்கும் நடுவில் உள்ள கம்பியில் மீட்டரை வைத்து அண்ணனிடம் காட்டினேன். இன்வெர்ட்டரிலிருந்து வெளியே ஒரு வோல்ட்டுகூடப் போகவில்லை.

"ஓடுது லா!" என்று அண்ணன் என் தோளில் அடித்த அடி இரண்டு நாள் வலித்தது. கண் கலங்கியிருந்தார்.

ஜெயபாலன் தொண்டையைக் கனைத்தார். "ஓடட்டும். சந்தோசம். ஆனா பேச்சு பேச்சுதான். மூணு மீனு செத்துச்சு. நீதானேக்கா சொன்ன, மீனு செத்தா மச்சானை ஜாகாவுக்கு அனுப்பறேன்னு? திங்கக்கிழமை வரச் சொல்லு."

அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றது. அக்காவைப் பார்த்தார். அக்கா தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அது அவரு மீனு தம்பி" என்றார். "பேட்டரிக்கு நான் பணம் போட்டேன். ரெண்டு மணி நேரம் தண்ணிக்குள்ள நின்னேன். இப்ப அது என் மீனு. எனக்கு இங்கயே ஒரு ஜாகா வேணும், இவரை வெளிய அனுப்ப முடியாது."

பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "என்னங்க நிக்கிறீங்க? மணி பன்னெண்டாச்சு, தீனி யாரு போடறது?" என்றார்.

சீனி அண்ணன் விறைப்பாக நிமிர்ந்து, பெண்டாட்டிக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுத் தீனி வாளியை எடுத்துக்கொண்டு ஓடினார்.